ஓர் எண்ணுக்கு ஒரு செயல்

செய்முறை ஒரே நீண்ட பத்தியாக இருந்தால், அதிலுள்ள வினைச்சொற்களை அடிக்கோடிட்டு, ஒவ்வொரு வினையையும் எண்ணிட்ட தனி வரியாக்குங்கள். "குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிய பின் வடிகட்டியைக் கழற்றவும், அதற்கு முன் நீர்வரத்து வால்வை மூடியிருக்க வேண்டும்" என்பது இவ்வாறு மாறும்:

1. நீர்வரத்து வால்வை மூடவும்.
2. குழாயைத் திறக்கவும்.
3. நீர் நிற்கும்வரை காத்திருக்கவும்.
4. வடிகட்டியைக் கழற்றவும்.

செய்பவர் ஒரு வரியைப் படித்து, கையிலுள்ள வேலையைக் கவனித்துவிட்டு மீண்டும் தாளைப் பார்க்கும்போது, விட்ட இடத்தை எண் உடனே காட்டிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, "அதற்கு முன்" என்று வாக்கியத்தின் கடைசியில் ஒளிந்திருந்த செயல், பிரித்து எழுதும்போதுதான் தன் உரிய இடமான முதல் வரிக்கு வருகிறது. பத்தியை வரிசையாகப் பின்பற்றியவர் வால்வை மூடாமலேயே வடிகட்டியில் கை வைத்திருப்பார்.

மருந்துப் புட்டியின் மூடியை அழுத்திக்கொண்டே திருப்புவது போல ஒரே நேரத்தில் செய்ய வேண்டியவற்றைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால், அழுத்திய கையை எடுத்துவிட்டுத் திருப்பிப் பார்ப்பார்கள். எந்த வரிசையிலும் செய்யத்தக்கவற்றுக்கும் எண் வேண்டாம். வெறும் புள்ளிகளே போதும்.