ஆஸ்பத்திரி போர்டு படத்தைப் பார்த்து வழி சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து மதுரைக்கு வைத்தியத்துக்கு வந்தவர் வாசலில் நின்று துறைப் பட்டியல் போர்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "எங்கிட்டுப் போகணும் மாப்ள?" என்று கேட்பார். நாமும் படத்தைப் பெரிதாக்கி, உடம்பில் நோகிற இடத்தின் பெயர் எந்த வரியில் இருக்கிறதோ அதைச் சொல்லிவிடுவோம். பாதி அலைச்சலுக்கு இதுதான் காரணம்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து சிறுநீரகக் கல்லோடு வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். போர்டில் 'சிறுநீரகவியல்' ஒரு வரி, 'சிறுநீரியல்' இன்னொரு வரி. கல் கிட்னியில்தானே என்று முதல் வரியைக் கை காட்டுவோம். அது நெஃப்ராலஜி. ரத்தத்தில் உப்பு, அதாவது கிரியாட்டினின் ஏறியவர்கள், கிட்னிக் கோளாறால் கால் வீங்கியவர்கள், டயாலிசிஸ் தேவைப்படுபவர்கள் போகிற இடம். அங்கே அறுவை சிகிச்சை செய்வதில்லை. கல், புராஸ்டேட் வீக்கம், மூத்திர அடைப்பு எல்லாம் இரண்டாவதான யூராலஜி. சில போர்டுகளில் 'சிறுநீரக அறுவை சிகிச்சை' என்றும் இருக்கும். வரிசையில் நின்று டாக்டரைப் பார்த்த பிறகுதான் இடம் மாறியது தெரியும். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. பெரும்பாலும் காலையில்தான். அங்கிருந்து யூராலஜிக்கு வருவதற்குள் சீட்டு கொடுப்பதை நிறுத்தியிருப்பார்கள்.

அதனால் போர்டைப் பார்ப்பதற்கு முன்பே அவர் கையிலுள்ள காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஊர் டாக்டரின் கடிதத்தில் 'யூரோ' என்றோ 'நெஃப்ரோ' என்றோ ஆங்கிலத்தில் சுருக்கிக் கிறுக்கியிருப்பார். கடிதம் இல்லையா? ஸ்கேனில் கல் என்றார்களா, ரத்த டெஸ்டில் உப்பு கூடியிருக்கிறது என்றார்களா என்று கேளுங்கள். கல் என்றால் யூராலஜி, உப்பு என்றால் நெஃப்ராலஜி. அதுவும் தெரியாவிட்டால் பொது மருத்துவ ஓ.பி.க்கே போகட்டும். பார்த்துவிட்டு அவர்களே உரிய துறைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

நெஞ்சு விஷயத்தில் இந்தத் தவறு ஆபத்து. 'நெஞ்சக நோய்' என்று எழுதியிருப்பது நுரையீரலுக்கு, அதாவது காசநோய், ஆஸ்துமா போன்றவற்றுக்கு. இதயத்துக்கு 'இதயவியல்' என்று தனியாக இருக்கும். ஆனால் நெஞ்சு இறுக்கிப் பிடித்து வியர்த்துக் கொட்டுகிறது, வாய் திடீரென்று கோணுகிறது, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது என்றால் இரண்டு வரியும் வேண்டாம், ஓ.பி. சீட்டும் வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

அப்புறம் அந்த அம்புக்குறி. அது போர்டுக்கு நேரே நிற்பவருக்குத்தான் பொருந்தும். படம் நம் கைக்கு வருவதற்குள் மாமா டீ குடிக்க நகர்ந்து வேறு பக்கம் திரும்பி நின்றிருப்பார். 'வலது பக்கம் போங்க' என்று போனில் சொன்னால் எங்கேயோ போய் நிற்பார். கட்டடத்தின் பெயர், தளம், அறை எண் மூன்றையும் சொல்லுங்கள். படத்தில் ஓரம் வெட்டுப்பட்டுத் தளம் தெரியவில்லை என்றால் ஊகிக்காதீர்கள், போர்டு முழுவதும் விழுகிற மாதிரி இன்னொரு படம் கேளுங்கள்.