ல, ள, ழ: கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ருட்டிப் பலாப்பழத்தை இந்தப் பக்கத்தில் பலர் 'பலாப்பளம்' என்றுதான் கேட்பார்கள். 'பலா'வில் ல சரியாக விழுகிறது. 'பழ'த்தில்தான் நாக்கு வழுக்குகிறது. அதாவது இங்கே குழப்பம் பெரும்பாலும் பொது ளகரத்துக்கும் சிறப்பு ழகரத்துக்கும் நடுவில். இதைப் பார்க்காமல் முதல் நாளே வால், வாள், வாழ் என்று மூன்றையும் சேர்த்து ஒப்பிக்க வைப்பது முதல் தவறு. ள–ழ இணைகளில் தொடங்குங்கள். புலி–புளி பிறகு வரட்டும்.

'நாக்கை மடிச்சு சொல்லு' என்பது அடுத்த தவறு. இரண்டு ஒலிக்குமே நாக்கு மடிகிறது. ள சொல்லும்போது நுனி அண்ணத்தைத் தொடும், காற்று நாக்கின் இருபுறமும் போகும். ழ சொல்லும்போது தொடாமல் நிற்கும், காற்று நடுவே போகும். ஒலியை நீட்டிச் சொல்லி, நாக்கை அசைக்காமல் வாயால் மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். நாக்கின் ஓரம் சில்லென்றால் ள, நடுவில் சில்லென்றால் ழ.

சொல் பிரிக்கும் பயிற்சிக்கு அட்டையில் சொல்லை எழுதிக் கொடுத்தால் பிள்ளை எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே பிரித்துவிடும். காதுக்கு வேலையே இருக்காது. படம் வரையுங்கள்: கிளி–கிழி, தாள்–தாழ், உளவு–உழவு என ஆறு அட்டை. நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி இருமுறை சொல்லுங்கள், மொத்தம் பன்னிரண்டு முறை. ஒவ்வொரு முறையும் அந்த இணையின் இரண்டு படங்களில் சரியானதைப் பிள்ளை காட்டட்டும். ஆறு சரியென்றால் அது வெறும் குருட்டாம்போக்கு. பத்தைத் தொட்டால் எழுத்துக்குப் போகலாம். சொல்பவரே 'உளவர் சந்தை' என்கிறவராக இருந்தால் அட்டை என்ன செய்யும்?

எழுதத் தொடங்கியதும் எதிர்த்திசைப் பிழை வரும்: 'பழ்ளி', 'வெழ்ளம்'. ழ கற்ற உற்சாகம்தான். தமிழில் ழகரம் இரட்டிக்காது, ழ்-க்குப் பின் ளகரமும் வராது என்று சொன்னால் இது நின்றுவிடும்.

சொல் இறுதியில் சந்தேகம் வந்தால் 'கள்' சேர்த்துப் பாருங்கள். நாள் நாட்களாகிறது, பல் பற்களாகிறது. ட வந்தால் ள், ற வந்தால் ல். யாழ் மாறாமல் யாழ்கள் என்றே நிற்கும். ஆனால் கால்கள், தோள்கள் என்றும் எழுதுகிறோம். எனவே மாறினால் நம்பலாம், மாறாததை வைத்து ழ் என்று முடிவுகட்டக் கூடாது. ஊர்ப் பலகையும் கைகொடுக்காது: விழுப்புரம், குள்ளஞ்சாவடி, நெய்வேலி மூன்றுக்கும் ஆங்கிலத்தில் அதே 'எல்'தான்.

பவளம்–பவழம் இணையை மட்டும் அட்டைகளில் சேர்க்காதீர்கள். இரண்டும் சரி.