93% என்று காட்டிய கன்டெய்னரில் 138 பெட்டி ஏறவில்லை: லோட் பிளான் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

கரூரிலிருந்து தூத்துக்குடி வழியாகப் போகும் ஒரு 40 அடி ஹை க்யூப் கன்டெய்னர். சரக்கு, டவலும் கிச்சன் துணிகளும். என் மேசைக்கு வந்த லோட் பிளானில் நாலே வரி இருந்தது. பெட்டி 60 × 40 × 35 செ.மீ., எண்ணிக்கை 880, மொத்தம் 70.4 சிபிஎம், கன்டெய்னர் கொள்ளளவு 76 சிபிஎம். சிபிஎம் என்பது கன மீட்டர். பக்கத்தில் பச்சை நிறத்தில் 93% என்று ஒரு கட்டம். எடை 13.9 டன், அனுமதி 26 டன்னுக்கு மேல். நான் ஓகே போட்டுவிட்டேன்.

ராத்திரி பத்தரைக்கு குடோனிலிருந்து போன். "சார், கதவு வரைக்கும் வந்துட்டோம். இன்னும் 138 பெட்டி வெளியே கிடக்கு." அப்புறம் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாவற்றிலும் எண்ணிக்கையைத் திருத்தி, மிச்சப் பெட்டிகளைத் தனியாக, பிறர் சரக்கோடு கன்டெய்னரைப் பகிரும் எல்சிஎல்-லில் அனுப்பிய கதையை விட்டுவிடலாம். அந்த நாலு வரியிலேயே பிளான் பொய் என்பது தெரிந்திருக்க வேண்டும். நான் அதில் எங்கெங்கே கோட்டை விட்டேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் தவறு, 70.4 என்ற எண்ணை அப்படியே நம்பியது. பெட்டியின் கன அளவைப் பெருக்கிப் பாருங்கள்:

```
0.60 × 0.40 × 0.35 = 0.084
880 × 0.08  = 70.40
880 × 0.084 = 73.92
```

பிளான் போட்டவர் ஒரு பெட்டிக்கு 0.08 என்று இரண்டு இலக்கத்தில் முடித்துக்கொண்டு, அதை 880-ஆல் பெருக்கியிருக்கிறார். ஒரு பெட்டியில் 0.004 என்பது ஒன்றுமேயில்லை. 880 பெட்டியில் அது மூன்றரை சிபிஎம். 93% என்று வந்தது உண்மையில் 97%. ஹை க்யூபில் கார்ட்டன் ஏற்றுகிறவர்கள் 68 சிபிஎம் சுற்றிலேயே கணக்குப் போடுவார்கள். 97% என்று பார்த்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். அதனால் பிளானில் உள்ள மொத்தத்தை மட்டும் பார்க்காமல், நீள அகல உயரத்திலிருந்து நாமே ஒருமுறை பெருக்க வேண்டும். ரவுண்டு பண்ணுவதைக் கடைசி வரியில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த எண் சரியாக இருந்திருந்தாலும் பிளான் தப்புதான். மொத்த சிபிஎம் கன்டெய்னர் சிபிஎம்முக்குள் வந்துவிட்டால் சரக்கு ஏறிவிடும் என்று நினைப்பது இரண்டாவது தவறு. எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். கன அளவு தண்ணீருக்குப் பொருந்தும். பெட்டியை வெட்டி மூலையில் ஊற்ற முடியாது.

40 அடி ஹை க்யூபின் உள் அளவு ஏறக்குறைய 1,203 செ.மீ. நீளம், 235 செ.மீ. அகலம், 269 செ.மீ. உயரம். 35 செ.மீ. பெட்டியை அடுக்கினால் ஏழு அடுக்கு, அதாவது 245 செ.மீ. எட்டாவது அடுக்குக்கு 280 வேண்டும், இடமில்லை. மேலே 24 செ.மீ. காலியாகப் போகிறது. கன்டெய்னர் முழுக்க அந்த 24 செ.மீ. என்பது கிட்டத்தட்ட 6.8 சிபிஎம், சுமார் 80 பெட்டிக்கான இடம். எக்செல் அதையும் இடம் என்றுதான் எண்ணுகிறது.

இப்போது, நான் இன்றைக்கு எந்த பிளான் வந்தாலும் முதலில் போடும் கணக்கு. 880 பெட்டி ஏழு அடுக்கில் என்றால் ஓர் அடுக்குக்குக் குறைந்தது 126 பெட்டி. ஒரு பெட்டி தரையில் பிடிக்கும் இடம் 0.24 சதுர மீட்டர். 126 பெட்டிக்கு 30.2 சதுர மீட்டர் வேண்டும். கன்டெய்னரின் தரையே 28.3 சதுர மீட்டர்தான். கதை முடிந்தது. எப்படித் திருப்பி அடுக்கலாம் என்று யோசிக்கவே தேவையில்லை. பெட்டியைப் படுக்கப் போட்டால் கணக்கு மாறும்தான், ஆனால் இந்தப் பெட்டிகளில் மேல்பக்கம் காட்டும் அம்புக்குறி அச்சாகியிருந்தது.

ஒன்று மட்டும் கவனம். இந்தத் தரைக் கணக்கில் தோற்றால் பிளான் தப்பு என்பது உறுதி. இதில் தேறிவிட்டால் பிளான் சரி என்று அர்த்தமில்லை. அதற்கு வரிசை வரிசையாக வரைந்துதான் பார்க்க வேண்டும்.

வரைந்தால் இப்படி வருகிறது. 60 செ.மீ. பக்கத்தை அகலவாக்கில் வைத்து மூன்று பெட்டி, 180. மீதி 55-இல் ஒரு பெட்டியைத் திருப்பி 40 செ.மீ. பக்கம் வைக்கலாம். முதல் மூன்று வரிசையில் நீளவாக்கில் 30 பெட்டி வீதம் 90, திருப்பிய வரிசையில் 20. ஆக அடுக்குக்கு 110, ஏழு அடுக்குக்கு 770. சிலர் நாலு பெட்டியை அகலவாக்கில் போட்டு, 240 செ.மீ. தானே, கன்டெய்னர் எட்டடி அகலம் இருக்கிறதே என்பார்கள். எட்டடி என்பது வெளி அளவு, 243.8 செ.மீ. உள்ளே 235-தான். பிளானில் எந்த அளவைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் விட்டால் இந்த ஒரு குழப்பமே வரிசைக்கு ஒரு பெட்டியைத் தின்றுவிடும்.

சரி, 770 ஏற வேண்டுமே, ஏன் 742-லேயே நின்றது? டவல் பெட்டி உப்பும். டேப் ஒட்டி முடித்த பெட்டியை அளவு நாடா வைத்து அளந்தால் 40 என்பது 41 ஆகவும் 60 என்பது 61 ஆகவும் இருக்கும். பேக்கிங் லிஸ்டில் இருப்பதோ பெட்டி செய்பவருக்குக் கொடுத்த ஆர்டர் அளவு. சில நேரம் அது பெட்டியின் உள் அளவாகக்கூட இருக்கும். அகலவாக்கில் நமக்கு 15 செ.மீ. தாராளம் இருந்தது, ஒரு செ.மீ. உப்பல் அங்கே தெரியவில்லை. நீளவாக்கில் 30 பெட்டி 1,200 செ.மீ., மீதி மூன்றே மூன்று செ.மீ. 41 வீதம் என்றால் 29 பெட்டிதான் நிற்கும். திருப்பிய வரிசையில் 61 வீதம் 19. அடுக்குக்கு 87-உம் 19-உம் சேர்ந்து 106, ஏழு அடுக்குக்கு 742. லோடுமேன் சொன்ன கணக்கு அச்சுப் பிசகாமல் அதுதான்.

எனவே பிளானில் மிச்சம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்தத் திசையில் எத்தனை பெட்டிக்கு அந்த மிச்சம் என்று பார்க்க வேண்டும். முப்பது பெட்டி வரிசைக்கு மூன்று செ.மீ. என்பது மிச்சமே இல்லை. பேக் செய்து முடித்த பெட்டிகளில் பத்தை வரிசையாகச் சுவரோரம் நிறுத்தி மொத்தமாக அளக்கச் சொல்லுங்கள். ஒற்றைப் பெட்டியை அளந்து பெருக்குவதைவிட நம்பகமானது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு தொழிற்சாலையில் பெட்டி உயரத்தை 33 செ.மீ. ஆகக் குறைக்கிறோம், எட்டு அடுக்கு வரும் என்றார்கள். எட்டு முப்பத்துமூன்று 264, உள்ளே 269, உப்பாமல் இருந்தால் ஏறும். ஆனால் கதவின் உயரம் 258 செ.மீ. சுற்றுதான். கடைசி வரிசையில் ஏழு பெட்டி 231-க்கு வந்த பிறகு கதவுச் சட்டத்துக்கும் அதற்கும் நடுவே 27 செ.மீ. இடைவெளி. அதில் 33 செ.மீ. பெட்டியை எப்படி நுழைப்பது? கதவோர வரிசையில் மட்டும் ஏழு அடுக்கு என்று எழுதி அனுப்பினேன்.

துணிக்கு இடம் முதலில் தீரும், எடை தீராது. இரும்புக்கு நேரெதிர். கோயம்புத்தூர் வார்ப்பிரும்பு சரக்குக்கு வரும் பிளான்களில் சிபிஎம் கட்டம் பாதிகூட நிரம்பாது, அதைப் பார்த்து யாரும் மேற்கொண்டு யோசிப்பதில்லை.

ஒரு 20 அடி கன்டெய்னர், 110 × 110 செ.மீ. பேலட் 14, ஒவ்வொன்றிலும் 1,250 கிலோ வார்ப்பு. தரையில் இரண்டு இரண்டாக ஐந்து வரிசை, பத்துப் பேலட். மீதி நாலு மேலே. சரிபார்த்த மொத்த எடையான விஜிஎம் கட்டத்தில் 17,500 என்று போட்டிருந்தார்கள். அது சரக்கின் நெட் வெயிட் மட்டும். 2016 ஜூலை 1 முதல் கப்பலில் ஏறும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் கொடுக்க வேண்டிய விஜிஎம்மில் பேலட் மரம், முட்டுக்கட்டை, கட்டிய பெல்ட், காலி கன்டெய்னரின் டேர் எல்லாம் சேரும். பேலட்டுக்கு 22 கிலோ வீதம் 308, முட்டு மரத்துக்கு 100, டேர் 2,230. மொத்தம் 20,138 கிலோ. கதவில் உள்ள பாதுகாப்பு அனுமதித் தகடான சிஎஸ்சி பிளேட்டில் அதிகபட்ச மொத்த எடை 30,480 என்று இருந்ததால் பயமில்லை. எல்லா 20 அடியும் அப்படி இல்லை, 24,000 என்று எழுதிய பழைய கன்டெய்னர்களும் சுற்றுகின்றன. பொதுவான எண்ணை வைத்து முடிக்காமல், வருகிற கன்டெய்னரின் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். அமெரிக்காவுக்குப் போகிற சரக்கென்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும். அங்கே நெடுஞ்சாலையில் லாரி, சேசிஸ், கன்டெய்னர் எல்லாம் சேர்த்து 80,000 பவுண்டு, அதாவது 36,287 கிலோதான் பொது வரம்பு. பிளேட் அனுமதிப்பதைச் சாலை அனுமதிக்காமல் போகலாம்.

அந்த பிளானின் பெரிய தப்பு மொத்த எடையில் இல்லை. மேலே போகிற நாலு பேலட்டையும் முன்பக்க இரண்டு வரிசையின் மேல் வரைந்திருந்தார்கள், ஃபோர்க்லிஃப்டுக்கு அதுதான் வசதி. முன்பாதியில் எத்தனை என்று எண்ணினேன். முதல் இரண்டு வரிசையில் எட்டு, நடு வரிசையின் இரண்டில் பாதி ஒன்று, ஆக ஒன்பது. பின்பாதியில் ஐந்து. 64% எடை முன்பக்கம். ஒரு பாதியில் 60%-க்கு மேல் போகக் கூடாது என்பது நடைமுறையில் எல்லோரும் பிடிக்கும் கோடு. தாண்டினால் கிரேன் தூக்கும்போது கன்டெய்னர் ஒரு பக்கம் சாயும், லாரியின் ஓர் அச்சின் மேல் சுமை அதிகமாகும். மேல் பேலட்டுகளை இரண்டாவது வரிசையில் இரண்டு, நாலாவது வரிசையில் இரண்டு என்று மாற்றினால் ஏழுக்கு ஏழு. ஆனால் இப்போது அவற்றுக்கு முன்னும் பின்னும் சாய எதுவும் இல்லை, அதனால் பெல்ட்டும் முட்டும் கட்டாயம் என்று பிளானிலேயே எழுத வைத்தேன்.

லோடு ஆன பிறகு எடைமேடைச் சீட்டு வந்தது. லாரியின் காலி எடையைக் கழித்தால் 20,160 கிலோ. எங்கள் கணக்கைவிட 22 கிலோ கூட. அந்த மேடை 20 கிலோ படிகளில்தான் காட்டும். அதை நான் துரத்தவில்லை.