பச்சைப் புள்ளியைக் காவல் காக்காமல் வீட்டிலிருந்து ஷிஃப்ட் பார்ப்பது எப்படி?

வீட்டிலிருந்து ஷிஃப்ட் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் பயம், டீம்ஸில் தங்கள் பெயர் அருகே இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடுமோ என்பதுதான். அந்தப் பயத்தில் தட்டை மேசைக்கே கொண்டுவந்து, ஒரு கையால் மவுஸை அசைத்துக்கொண்டே சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது தேவையே இல்லை.

அந்தப் புள்ளி எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கணினியில் ஐந்து நிமிடம் மவுஸோ விசைப்பலகையோ அசையாவிட்டால் டீம்ஸ் உங்களை Away என்று காட்டும். திரையைப் பூட்டினாலும் அப்படித்தான். வாடிக்கையாளர் அனுப்பிய நீளமான புகாரை நிதானமாகப் படித்தால் நீங்கள் மஞ்சள். கைப்பேசியில் அவரோடு பேசிக்கொண்டிருந்தாலும் மஞ்சள். அதே கணினியில் சட்டை வாங்க விலை பார்த்துக்கொண்டிருப்பவர் பச்சை. ஆகவே அதை வைத்து யார் வேலை செய்கிறார் என்று சொல்ல முடியாது. கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் கிடைப்பார் என்பதை வைத்துச் சொல்லலாம். அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதுதான் இந்தச் செய்முறை.

படி 1: பதில் நேரத்தை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்

பினாங்கு பாயான் பாருவில் ஒருவர் வீட்டிலிருந்து லண்டன் வாடிக்கையாளர்களுக்கு உதவி மைய வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தன் குழுத் தலைவிக்கு இப்படி அனுப்பலாம்:

"அக்கா, என் ஷிஃப்ட் லண்டன் நேரம் காலை 9 மணிக்குத் தொடங்கும். அங்கே கோடை நேரம் நடக்கும்போது நமக்கு மாலை 4, மற்ற மாதங்களில் மாலை 5. அவசரம் என்றால் போன் பண்ணுங்கள், 5 நிமிடத்துக்குள் எடுப்பேன், இல்லையென்றால் திருப்பி அழைப்பேன். குழுச் செய்திக்கு 20 நிமிடத்துக்குள் பதில் வரும். மின்னஞ்சலுக்கு ஷிஃப்ட் முடிவதற்குள். இரண்டு முறை அழைத்தும் எடுக்காவிட்டால் என் வீட்டுக்காரர் எண்ணுக்கு அழையுங்கள்."

நேரத்தைச் சொல்லும்போது லண்டன் நேரமா மலேசிய நேரமா என்பதை விட்டுவிடாதீர்கள். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கடிகாரம் மாறும். எழுதி வைக்காத குழுவில் அடுத்த நாளே யாராவது ஒரு மணி நேரம் காத்துக் கிடப்பார்கள்.

அவசரம் என்றால் என்ன என்பதையும் ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள். வாடிக்கையாளரின் வேலை முழுதாக நின்றுவிட்டால் அது அவசரம். அறிக்கை எங்கே என்று கேட்பது அவசரம் இல்லை. இந்த வரி இல்லாவிட்டால் எல்லாமே போனில் வரும், அப்புறம் ஐந்து நிமிட வாக்குறுதி யாராலும் காப்பாற்ற முடியாததாகிவிடும்.

படி 2: போன் உண்மையிலேயே ஒலிக்கிறதா என்று பாருங்கள்

பலர் தவறுவது இங்கேதான். குழந்தை தூங்குகிறது என்று Do Not Disturb போட்டிருப்பார்கள், அதை எடுக்க மறந்துவிடுவார்கள். ஷிஃப்ட்டுக்கு முன் குழுத் தலைவியின் எண்ணைப் பிடித்த எண்களில் சேர்த்து, அந்த எண்களுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள். திரும்பத் திரும்ப அழைப்பவருக்கு வழிவிடும் அமைப்பும் உண்டு. ஆண்ட்ராய்டில் அதே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் ஒலிக்கும், ஐபோனில் 3 நிமிடத்துக்குள். அதனால்தான் மேலே "இரண்டு முறை" என்று எழுதினோம். அமைத்த பிறகு வீட்டில் இருக்கும் ஒருவரை அழைக்கச் சொல்லி, போன் ஒலிப்பதைக் காதால் கேட்டுவிடுங்கள்.

படி 3: எங்கே இருக்கிறீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள்

டீம்ஸில் உங்கள் படத்தை அழுத்தி Set status message போங்கள். "இரவுச் சாப்பாடு, 8:30க்கு வருவேன், அவசரம் என்றால் போன்" என்று எழுதி, Show when people message me என்பதைத் தேர்ந்தெடுங்கள். Clear status message after என்ற இடத்தில் திரும்பி வரும் நேரத்தைக் கொடுங்கள். பழைய செய்தி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்த முறை யாரும் அதை நம்பமாட்டார்கள்.

சாப்பாட்டு இடைவேளையை விட்டுக்கொடுக்காதீர்கள். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டம் 1955, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிட ஓய்வு தரவேண்டும் என்கிறது. வீட்டில் இருப்பதால் அது குறைந்துவிடாது.

மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியை வாங்க வேண்டாம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024இல், விசைப்பலகை இயங்குவதுபோல் பாசாங்கு செய்ததாகச் சொல்லிப் பன்னிரண்டுக்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது. பிடிபடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், போலிப் பச்சையை நம்பி அவசரச் செய்தி அனுப்பிய சக ஊழியர்தான் அங்கே ஏமாறுகிறார்.

படி 4: இடி மின்னலுக்குத் தயாராகுங்கள்

ஏப்ரல், அக்டோபர் மாலைகளில் இங்கே இடியோடு மழை கொட்டுவது நமக்குத் தெரிந்ததுதான். ரவுட்டரை ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் இணைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டியையும் அதிலேயே இணைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ரவுட்டரில் விளக்கு எரியும், லைன் மட்டும் வராது.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் அலுவலக விபிஎன் இணைகிறதா என்பதையும் ஓய்வான நாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கரண்ட் போனதும் குழுவுக்கு ஒரு வரி: "மின்தடை, ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறேன். செய்தி வரும், வீடியோ முடியாது. 6:30க்கு மறுபடி சொல்கிறேன்." அடுத்து எப்போது தகவல் வரும் என்பது அதில் இருந்தால், யாரும் உங்களைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

குழுத் தலைவராக இருப்பவர்களுக்கு

கேமராவை நாள் முழுக்கத் திறந்து வைக்கச் சொல்லாதீர்கள். வாரம் ஒருமுறை இரண்டைப் பாருங்கள்: ஒப்புக்கொண்ட நேரத்தைத் தாண்டிய அவசர அழைப்புகள் எத்தனை, பதில் இல்லாமல் கிடக்கும் பழைய கோரிக்கைகள் எத்தனை. ஒருமுறை தவறினால், "என்னப்பா ஆச்சு, எல்லாம் சரியா?" என்று கேட்டாலே போதும். அதுவே தொடர்ந்தால் உட்கார்ந்து பேசுங்கள்.

கண்காணிப்பு அதிகமாகிவிட்டதற்கு ஓர் அடையாளம் உண்டு. செய்தி போட்ட மறு நொடியே எல்லோரிடமிருந்தும் கட்டைவிரல் வரும், வேலை மட்டும் நகராது. ஆட்கள் இருப்பைக் காட்டுவதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்று அர்த்தம்.

வாடிக்கையாளர் அழைப்புகள் வரிசையாக வந்து விழும் கால் சென்டர் வேலைக்கு இந்த முறை முழுதாகப் பொருந்தாது. அங்கே நீங்கள் தயார் நிலையில் இருந்தால்தான் அடுத்த அழைப்பு உங்களுக்கு வரும். சொல்லாமல் எழுந்து போனால் அது அடுத்தவர் தலையில் விழும். அந்த மென்பொருளில் இடைவேளைக்கென்று இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டே எழுங்கள்.

ஷிஃப்ட் முடியும்போது

அடுத்தவருக்கு முடியாத வேலையைச் சுருக்கமாக எழுதிவிடுங்கள்: எது பாக்கி, யாருடைய பதிலுக்காக நிற்கிறது, எத்தனை மணிக்குத் திரும்பப் பார்க்க வேண்டும். அப்புறம் கைப்பேசி டீம்ஸில் Quiet time போட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த 20 நிமிடத்தை மறுபடி பேசுங்கள். குழு அதை அடிக்கடி தாண்டியிருந்தால் 30 ஆக்கிக்கொள்ளலாம்.