ஸ்டிக் டிரிஃப்ட்: சுத்தம் செய்வதா, மாட்யூலை மாற்றுவதா? இடையில் நடக்கும் தவறுகள்

கேம் கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தொடாமலேயே ஆட்டத்தில் கேமரா மெல்லச் சுற்றுகிறது, அதாவது டிரிஃப்ட் வந்திருக்கிறது என்றால், பலரும் முதலில் எடுப்பது ஒரு ஸ்பிரே டப்பாவைத்தான். ஸ்டிக்கின் இடுக்கில் அடித்து நாலு சுற்று சுற்றுவார்கள். சில நாட்கள் சரியாக இருக்கும், பிறகு பழையபடி ஓடும். எந்த வகை டிரிஃப்ட் என்று பார்க்காமலேயே கை வைத்ததுதான் இங்கே முதல் தவறு. பிளேஸ்டேஷன் 5-இன் டுயல்சென்ஸ் கன்ட்ரோலரை வைத்து இதைப் பார்ப்போம். டுயல்ஷாக் 4-இலும் வழக்கமான எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களிலும் ஸ்டிக் வேலை செய்யும் முறை இதேதான்.

ஸ்டிக் மாட்யூலின் இரண்டு பக்கங்களில் சிறிய பெட்டிகள் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் பச்சை நிறம். இடம்-வலம் அசைவுக்கு ஒன்று, மேல்-கீழ் அசைவுக்கு ஒன்று. இவை பொட்டன்ஷியோமீட்டர்கள். பெட்டிக்குள் வளைவான கரும்பூச்சுப் பாதை ஒன்று இருக்கும். ஸ்டிக்கோடு சேர்ந்து சுழலும் வெள்ளைத் தட்டில் மெல்லிய உலோக விரல்கள் உண்டு, அவை அந்தப் பாதையை உரசியபடி நகரும். விரல் நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும், அதைத்தான் கன்ட்ரோலர் ஸ்டிக்கின் நிலை என்று படிக்கிறது. ஸ்டிக் பெரும்பாலான நேரம் நடுவிலேயே நிற்பதாலும், சின்னச் சின்ன அசைவுகள் அங்கேயே நடப்பதாலும், பூச்சு முதலில் தேய்வதும் தூள் சேர்வதும் அந்த நடுப்பகுதியில்தான்.

கன்ட்ரோலரைத் திறக்கும் முன் யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, பிரவுசரில் hardwaretester.com/gamepad பக்கத்தில் ஸ்டிக்கின் எண்களைப் பாருங்கள். ஒரு முனை -1, மறுமுனை 1, நடு 0. சும்மா விட்டிருக்கும்போது 0.00392 என்று காட்டினால் பதற வேண்டாம். 0 முதல் 255 வரையிலான அளவில் சரியான நடு எண் கிடையாது, அதனால் வரும் சிறு விலகல் அது. 0.03, 0.04 போன்ற விலகலைப் பெரும்பாலான ஆட்டங்கள், நடுவைச் சுற்றிய சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாத டெட்ஸோனிலேயே விழுங்கிவிடும்.

இப்போது ஸ்டிக்கை ஒவ்வொரு திசையிலும் முழுதாகத் தள்ளி விட்டுவிட்டு, திரும்பி நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து முறை செய்தால் போதும். ஒவ்வொரு முறையும் 0.09-இலேயே அசையாமல் நின்றால் நடுப்புள்ளி மட்டும் நகர்ந்திருக்கிறது. அதற்குச் சுத்தமும் வேண்டாம், மாட்யூலும் வேண்டாம், நடுப்புள்ளியைக் கன்ட்ரோலரின் நினைவில் மறுபடி பதியவைக்கும் காலிப்ரேஷன் போதும். கை எடுத்த பிறகும் எண் 0.05-க்கும் 0.15-க்கும் இடையே துடித்துக்கொண்டே இருந்தால், விரலுக்கும் பாதைக்கும் இடையே தொடர்பு சரியில்லை என்று பொருள். சுத்தம் செய்து பலன் கிடைக்க வாய்ப்புள்ள இடம் இதுதான். துடிப்பு இல்லாமல், இடமிருந்து வந்தால் ஓர் எண்ணிலும் வலமிருந்து வந்தால் வேறோர் எண்ணிலும் நின்றால், ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கோ அச்சோ தளர்ந்திருக்கும். எத்தனை முறை துடைத்தாலும் அது போகாது. மெதுவாகச் சுற்றும்போது எண் ஓரிடத்தில் சட்டென்று தாவினால் பூச்சில் பள்ளம் விழுந்திருக்கலாம்.

சுத்தம் செய்வது என்று முடிவானால் வெளியிலிருந்து அடிக்காதீர்கள். திரவம் மேலே உள்ள அழுக்கைக் கரைத்து உள்ளே கொண்டுபோகும், அச்சில் இருக்கும் கிரீஸைக் கழுவிவிடும், ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பாதைக்கு மிகக் குறைவாகவே போய்ச் சேரும். சாதாரண டபிள்யூடி-40 இன்னும் மோசம். அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலத்தில் தூள் மறுபடி ஒட்டும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ, எச்சம் விடாத எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலரைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பிறகு ஸ்டிக்கை ஆட்டிப் பாருங்கள். கோளாறு உள்ள திசையில் ஆட்டும்போது எந்தப் பெட்டியின் அச்சு சுழல்கிறதோ அதுதான் உங்கள் பெட்டி. அதன் கொக்கிகளை மெல்லிய தகட்டால் நெம்பி, பஞ்சுக்குச்சி நுழையும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். அதன் மூன்று கால்களும் போர்டில் சால்டர் ஆகியிருக்கின்றன. திரும்பத் திரும்ப வளைத்தால் கால் ஒடிந்துவிடும். வெள்ளைத் தட்டை உருவி, அதன் விரல்களையும் பாதையையும் ஆல்கஹால் தொட்ட குச்சியால் அழுத்தாமல் துடையுங்கள். பிடிப்புக் கூடட்டும் என்று விரல்களை வெளியே வளைப்பவர்கள் உண்டு. அன்றைக்கு எண் சரியாகிவிடும். ஆனால் அழுத்தம் கூடிய விரல் பூச்சை வேகமாகச் சுரண்டும்.

துடைக்கும்போதே பாதையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள், பதில் அங்கேயே இருக்கிறது. சீரான கறுப்பாக இருந்து, குச்சியில் கரித்தூள் மட்டும் வந்தால் மூடிவிடலாம். நடுப்பகுதியில் விரல் ஓடிய தடம் வெளிறிய கோடாகத் தெரிந்தால் பூச்சே போய்விட்டது.

ஓர் எடுத்துக்காட்டு. இடது ஸ்டிக்கின் கிடை அச்சு 0.10-க்கும் 0.18-க்கும் இடையே துடிக்கிறது. சுத்தம் செய்த பின் 0.02-இல் அமைதியாக நிற்கிறது, மூன்று வாரத்தில் மறுபடி துடிக்கிறது. இரண்டாம் முறை திறந்தால் வெளிறிய கோடு தெரிகிறது. இதற்கு மூன்றாவது சுத்தம் என்பது நேர விரயம், மாட்யூலை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவதில் அதிகம் பாழாவது போர்டுதான். மாட்யூலுக்கு 14 சால்டர் இணைப்புகள்: இரு பெட்டிகளுக்கும் மூன்று மூன்று, அழுத்தும் பட்டனுக்கு நான்கு, உலோகச் சட்டத்துக்கு நான்கு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உருக்கி உருவ முயன்று, ஒன்று உருகாத நிலையில் இழுத்தால் துளையின் செம்பு வளையம் கையோடு வந்துவிடும். பழைய மாட்யூல் எப்படியும் குப்பைக்குத்தான், அதனால் அதை கட்டரால் துண்டு துண்டாக வெட்டி, கால்கள் தனித்தனியாக நிற்கும்படி செய்யுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஃப்ளக்ஸ் தடவி, கொஞ்சம் 63/37 ஈய சால்டரைச் சேருங்கள். அது 183 டிகிரி செல்சியஸில் உருகும், தொழிற்சாலையின் ஈயமில்லா சால்டருக்கு 217 டிகிரி அளவில் வேண்டும், இரண்டும் கலந்தால் உருகுநிலை இறங்கும். அயர்ன் 350 முதல் 370 டிகிரி வரை இருக்கட்டும். சட்டத்தின் கால்கள் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அங்கே அகலமான முனையை வைத்துப் பொறுமையாக இருங்கள், சூட்டை ஏற்றாதீர்கள்.

புதியதை வைக்கும்போது சட்டத்தின் ஒரு காலை மட்டும் முதலில் சால்டர் செய்து, போர்டோடு ஒட்டி உட்காரும்படி அழுத்தி மறுபடி உருக்கி, பிறகு மற்றவற்றை முடியுங்கள். மாட்யூல் சாய்ந்து உட்கார்ந்தால் ஸ்டிக் வளையத்தில் உரசும்.

புதிய மாட்யூல் போட்டும் டிரிஃப்ட் இருக்கிறதே என்று திரும்ப அதையே கழற்றுவது பரிதாபமான தவறு. கன்ட்ரோலரின் நினைவில் இருப்பது பழைய மாட்யூலின் நடுப்புள்ளி. குரோம் பிரவுசரில் dualshock-tools.github.io திறந்து, நடுப்புள்ளியையும் வீச்சையும் காலிப்ரேட் செய்து, நிரந்தரமாகச் சேமியுங்கள். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட், டிஎம்ஆர் மாட்யூல்களில் உரசும் பாதையே இல்லாததால் இந்தத் தேய்மானம் வராது, ஆனால் அவற்றுக்கும் இந்தப் படி கட்டாயம். சேமித்த பின் அதே பத்து முறை சோதனையை மறுபடி செய்து பாருங்கள். எண் எப்போதும் ஒரு முனையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் காலிப்ரேஷனில் குறையில்லை. அந்தப் பெட்டியின் மூன்று கால்களில் ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது அதன் செம்பு வளையம் பிய்ந்திருக்கிறது.