சொல் கணக்கு வேலையிலிருந்து மாத வருமானம்: மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு செய்முறை

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவர்களுக்கு ரேட்டைவிடப் பெரிய தொல்லை, வேலை வருகிற விதம். ஒரு மாதம் தூங்க நேரமிருக்காது, அடுத்த மாதம் ஒரு மெயிலும் வராது. ஏற்கெனவே வேலை தரும் கிளையன்டிடமே, மாதாமாதம் குறைந்தது இத்தனை சொல்லுக்குப் பணம் என்று ஒப்பந்தம் பேசினால் இது பெருமளவு சரியாகும். புது ஆள் தேடுவதைவிட இது எளிது.

படி 1: உங்கள் வேகத்தை அளங்கள்

ஒரு வாரம், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். கலைச்சொல் தேடுவது, திரும்பப் படித்துத் திருத்துவது, மெயிலுக்குப் பதில் போடுவது எல்லாம் அதில் சேர வேண்டும். மணிக்கு 250 சொல் என்று வந்தால், நாளுக்கு 5 மணி நேரம், மாதம் 22 நாள் என 27,500 சொல். இதில் பாதிக்கு மேல் யாருக்கும் உறுதி தர வேண்டாம். உடம்பு முடியாத நாளும் அவசர வேலையும் மீதியில்தான் அடங்க வேண்டும்.

படி 2: எந்தச் சொல்லை எண்ணுகிறார்கள்?

தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், 1,000 ஆங்கிலச் சொல் தமிழில் வரும்போது எண்ணிக்கை கணிசமாகக் குறைந்துவிடும். அதனால் எப்போதும் மூலத்தின் சொல் கணக்கில் பேசுங்கள். மொழிபெயர்ப்பின் கணக்கில்தான் பணம் தருவேன் என்று கிளையன்ட் சொன்னால், அதற்கேற்ப ரேட்டை உயர்த்திக் கேளுங்கள். இரண்டும் ஒரே ரேட் என்று ஒப்புக்கொண்டால் நஷ்டம் உங்களுக்கு.

படி 3: பழைய இன்வாய்ஸ்களை எடுங்கள்

இதுதான் முக்கியமான படி. தொடர்ந்து வேலை தரும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கடந்த ஆறு மாதத்தின் சொல் கணக்கை எழுதுங்கள். உதாரணத்துக்கு 14,000, 3,000, 11,000, 6,000, 12,000, 8,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 54,000, சராசரி 9,000. ரேட் சொல்லுக்கு ரூ.1.50 என்றால் ஆறு மாத வருமானம் ரூ.81,000. ஆனால் இரண்டாம் மாதம் கைக்கு வந்தது வெறும் ரூ.4,500.

சராசரிக்குச் சற்றுக் கீழே, 8,000 சொல் என்று குறைந்தபட்சத்தை வையுங்கள். வேலை வந்தாலும் வராவிட்டாலும் மாதம் ரூ.12,000. அதற்கு மேல் போனால் அதே ரேட். பயன்படுத்தாத சொற்கள் அடுத்த ஒரு மாதத்துக்கு மட்டும் செல்லும், அதன்பின் காலாவதி.

இந்த விதிப்படி அதே ஆறு மாதத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். முதல் மாதம் 14,000 சொல்லுக்கும் பணம். இரண்டாம் மாதம் 8,000க்குப் பணம் வருகிறது, 5,000 சொல் மிச்சம். மூன்றாம் மாதத்தின் கூடுதல் 3,000 அந்த மிச்சத்தில் கழிந்து, மறுபடி 8,000; மீதி 2,000 காலாவதி. நான்காம் மாதமும் 8,000, புதிதாக மிச்சம் 2,000. ஐந்தாம் மாதக் கூடுதல் 4,000இல் அதைக் கழித்தால் 10,000. ஆறாவது 8,000. மொத்தம் 56,000 சொல், ரூ.84,000. கிளையன்டுக்கு ஆறு மாதத்தில் கூடுவது ரூ.3,000தான். உங்களுக்கோ எந்த மாதமும் ரூ.12,000க்குக் கீழே போகாது. இந்தக் கணக்கையே மெயிலில் அனுப்புங்கள், வேறு வாதம் தேவையில்லை.

ஆறு மாதக் கணக்கு இல்லாவிட்டால் கேட்க அவசரப்படாதீர்கள். வேலை எப்போதாவது வருகிற இடத்தில் இது நிற்காது.

படி 4: எழுத்தில் வாங்குங்கள்

மெயிலே போதும், ஆனால் நான்கு விஷயம் இருக்க வேண்டும். நாளுக்கு அதிகபட்சம் எத்தனை சொல் (இல்லாவிட்டால் 8,000 சொல்லும் மாதக் கடைசி வாரத்தில் வந்து விழும்). திருத்தம் எத்தனை சுற்று. பணம் தரும் தேதி. நிறுத்துவதாக இருந்தால் ஒரு மாத முன்னறிவிப்பு.

திருத்தத்தில் கவனம் தேவை. உங்கள் பிழையைச் சரிசெய்வது இலவசம், மூலத்தையே அவர்கள் மாற்றினால் அது புது வேலை. திருத்த நேரம் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் இந்த இடத்தில்தான் ஓட்டை.

படி 5: பணம் தாமதமானால்

உத்யம் என்ற அரசுப் பதிவுத் தளத்தில் இலவசமாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் 2006இன்படி, பதிவுபெற்ற குறு, சிறு தொழில் செய்பவருக்கு, ஒப்பந்தத்தில் அதிக நாள் என்று இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது. தாமதத்துக்கு வட்டியும் உண்டு. இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் போட்டுவிட்டால் கணக்குப் பிரிவு அதைக் கவனிக்கும்.

இந்திய நிறுவனம் டி.டி.எஸ். வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பலாம். பத்து சதவீதம் பிடித்தால் ரூ.12,000க்கு ரூ.10,800தான் வரும். பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.

ஒரு கிளையன்ட் சரியாக ஓடத் தொடங்கியதும், இதே கணக்கோடு இரண்டாமவரிடம் பேசுங்கள். அவர் முதலாமவரின் துறையிலேயே இல்லாமல் இருந்தால் நல்லது, இருவருக்கும் ஒரே மாதத்தில் வேலை வற்றிப்போகாது.