சோப்புப் பட்டதும் சிவக்கும் கறை: குங்குமத்திலும் சந்தனத்திலும் நாம் செய்யும் தவறுகள்

டர்பனில் காவடி முடிந்த மாலையில் வீட்டுக்கு வீடு ஒரே காட்சிதான். வெள்ளை ஜிப்பாவின் மார்பில் குங்குமம் கொட்டியிருக்கும். பார்த்தவர் உடனே குழாயடிக்கு ஓடுவார், இல்லாவிட்டால் ஈரத்துணியால் துடைப்பார். கறை உண்மையில் பிடிப்பது அந்த நொடியில்தான்.

உலர்ந்த குங்குமம் வெறும் தூள். நூலின் மேல் உட்கார்ந்திருக்குமே தவிர, அதன் நிறம் இன்னும் பருத்திக்குள் இறங்கியிருக்காது. தண்ணீர் பட்டால் சாயம் கரைந்து, பருத்தி அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஈரம் எதுவும் படுவதற்கு முன் தூளை வெளியேற்றிவிட வேண்டும். துணியை வாசலுக்குக் கொண்டுபோய், கறை தரையைப் பார்க்கும்படி பிடித்து, பின்பக்கத்திலிருந்து விரலால் சுண்டுங்கள். உள்ளங்கையால் தட்டித் தேய்க்கக் கூடாது. தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரியில் இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு யார் கையும் உலர்ந்திருப்பதில்லை. மிச்சத் தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி ஒற்றி எடுக்கலாம்.

சந்தனத்துக்கு நேர்மாறான பொறுமை வேண்டும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் மரத்தூள் நெசவுக்குள் போய் அடைந்துகொள்ளும். நன்றாகக் காயவிட்டு, துணியை லேசாக மடக்கினால் சந்தனம் வெடித்துப் பொருக்காக உதிரும். ஒட்டியிருப்பதை மழுங்கிய கரண்டியின் விளிம்பால் சுரண்டுங்கள். சந்தனத்தின் மேலே குங்குமமும் இருந்தால் இன்னும் நல்லது, பொருக்கோடு அதில் பாதி போய்விடும்.

அடுத்த தவறு, எல்லாக் குங்குமமும் ஒன்று என்று நினைப்பது. மஞ்சளோடு சுண்ணாம்பு போன்ற காரம் சேர்த்துச் சிவக்க வைத்த குங்குமம் ஒரு வகை. மாவிலோ வெள்ளைக்கல் தூளிலோ செயற்கைச் சாயம் ஏற்றியது இன்னொரு வகை. கிரே ஸ்ட்ரீட் கடைகளில் (பெயர் மாறி வெகுநாளாகியும் வீட்டில் யாரும் டாக்டர் யூசுஃப் டாடூ தெரு என்று சொல்வதில்லை) இரண்டும் ஒரே மாதிரிப் பாக்கெட்டில் கிடைக்கும். லேபிளை நம்பாமல் ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் முழுதும் ரோஜா நிறத்தில் ஓடினால் அதில் சாயம் இருக்கிறது. தூள் அடியில் படிந்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் மஞ்சளாக மாறினால் அது மஞ்சள் குங்குமம். இரண்டும் கலந்ததாகவும் இருக்கலாம். அப்போது இரண்டு குணமும் தெரியும்.

மஞ்சளின் நிறம் காரத்தில் சிவக்கும், புளிப்பில் மறுபடி மஞ்சளாகும். துணி துவைக்கும் சோப்பும் சோப்புத்தூளும் காரம். அதனால் மஞ்சள் கறையில் சோப்புப் பட்டவுடன் அது ரத்தச் சிவப்பாகிறது. இங்கேதான் பலர் பதறுகிறார்கள். கறை கூடிவிட்டது என்று நினைத்து எலுமிச்சையைப் பிழிகிறார்கள். சிவப்பு மறைந்து வெளிறிய மஞ்சளானதும் போய்விட்டது என்று மடித்து வைக்கிறார்கள். அடுத்த துவையலில் அதே இடம் மறுபடி சிவக்கிறது. எலுமிச்சை கறையை எடுக்கவில்லை, வேடத்தை மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சிவப்பை எதிரியாகப் பார்க்காமல் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அலசிய ஈரத் துணியில் சோப்பைத் தடவும்போது சிவக்கிறதா? மஞ்சள் இன்னும் உள்ளே இருக்கிறது. சிவக்கவே இல்லையா? மஞ்சள் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தையும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

மஞ்சளை உண்மையில் அழிப்பவை இரண்டு. ஒன்று வெயில்: மஞ்சளின் நிறப்பொருள் ஒளியில் சிதையும். கறை வெளியே தெரியும்படி ஈரத்தோடு கொடியில் போடுங்கள். காவடிக் காலத்து மழையில் இதற்கு நாள் பிடிக்கும். கூழ் ஊற்றும் ஆடி மாதம் இங்கே குளிர்காலம், மழை குறைந்து நல்ல வெயில் அடிக்கும், அப்போது வேலை சுலபம். மற்றது ஆக்சிஜன் பிளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் உள்ள வெள்ளைத் தூள். ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி நன்றாகக் கரைத்து, துணியைச் சில மணி நேரம் ஊறவிடலாம். வாளியை இறுக மூடக் கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். பட்டுக்கு இது ஆகாது. பருத்தி வேட்டியானாலும் சரிகைக் கரையைத் தண்ணீருக்கு வெளியே தொங்கவிடுங்கள். உலோகம் பட்டால் இந்தக் கரைசல் வேகம் பிடித்து நூலையே அரித்துவிடும்.

வீட்டில் தயாராக இருக்கும் குளோரின் பிளீச்சை நேரே ஊற்றுவது வேறு வம்பு. நிறம் போகலாம், ஆனால் நூல் நைந்துவிடும். பாலியெஸ்டர் கலந்த வெள்ளைத் துணி சில நேரம் மஞ்சளடித்துப் போகும், அதைத் திருப்ப வழியில்லை. ஏற்கெனவே எலுமிச்சையோ வினிகரோ தடவிய துணியில் குளோரின் பிளீச் படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், குளியலறையின் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் மூச்சு முட்டும்.

சாயக் குங்குமம் வெயிலுக்கும் எலுமிச்சைக்கும் அவ்வளவாக அசைவதில்லை. அதற்கு ஸ்பிரிட் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் நிறமில்லாத சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத்தான் சொல்கிறேன். ஹார்டுவேர் கடையின் ஊதா ஸ்பிரிட்டில் நிறம் கலந்திருக்கிறது, வெள்ளைத் துணிக்கு அது புதுக் கறையாகும். விளக்கு எரியும் பூஜை அறைப் பக்கம் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சென்ற ஆண்டு சாட்ஸ்வொர்த்தில் ஒரு நிச்சயதார்த்தம். சின்னம்மா மகனின் வெள்ளைப் பருத்தி ஜிப்பாவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் பட்டுவிட்டன. பக்கத்தில் இருந்தவர் அன்போடு ஈர நாப்கினால் துடைத்துவிட, அது உள்ளங்கை அகல ரோஜாப் பூவாக விரிந்தது. “சோப்புப் போட்டுவிடு, போய்விடும்” என்று மூன்று பேர் சொன்னார்கள். நான் காயவைக்கச் சொன்னேன்.

மறுநாள் சந்தனப் பொருக்கைச் சுரண்டி எடுத்தோம். கறைக்கு அடியில் பழைய வெள்ளைத் துணியை மடித்து வைத்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றினோம். நடுவில் தொடங்கினால் வட்டம் பெரிதாகும். தேய்க்கவில்லை, ஒற்றியது மட்டும்தான். அடித்துணி ரோஜா நிறமாகும்போதெல்லாம் அதை நகர்த்தினோம், நிறம் இறங்குவது நின்றதும் நிறுத்திவிட்டோம். குளிர்ந்த தண்ணீரில் அலசி, பெர்கார்பனேட்டில் ஊறவைத்தோம்.

ரோஜா நிறம் போய்விட்டது. சந்தனம் இருந்த இடத்தில் மட்டும் வெளிர்மஞ்சள் திட்டு. சின்னம்மா அது சந்தன எண்ணெய் என்றார். சோப்பைத் தொட்டு வைத்ததும் சிவந்தது. பாக்கெட் சந்தனத்தில் மஞ்சள் கலந்திருந்தது. எண்ணெய்ப் பசை அதை மூடி வைத்திருந்ததால் தண்ணீரில் கரைந்த பிளீச் அதனிடம் போய்ச் சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன். துணியை முழுக்க உலர்த்தி, திட்டின் மேல் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெதுவெதுப்பான நீரில் அலசி, மறுபடி ஊறவைத்து வெயிலில் போட்டோம். அதற்குப் பிறகு சோப்பு பட்டும் சிவக்கவில்லை. சோப்புச் சோதனை முடியும்வரை அவர் இஸ்திரிப் பெட்டியை எடுக்கவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் என் பெரிய வேலை. மிச்சக் கறையின் மேல் இஸ்திரி போட்டால், அல்லது டிரையரில் போட்டால், அதற்குப் பிறகு எடுப்பது மிகக் கடினம்.

தரையிலும் முதல் தவறு ஈர மாப்புதான். பூஜை அறையில் சிந்திய குங்குமத்தை மாப்பால் இழுத்தால், டைலின் பளபளப்பில் நிற்காத நிறம் நேரே இணைப்புச் சிமெண்டில் போய் உட்காரும். காகித அட்டையால் தூளை அள்ளி, மிச்சத்தை உலர்ந்த துணியில் ஒற்றிய பிறகே ஈரம். சிமெண்டிலும் காரம் உண்டு. புது இணைப்பில் மஞ்சள் விழுந்தால் சோப்பில்லாமலே சிவக்கும், திகைக்க வேண்டாம். அங்கே வினிகர் ஊற்றச் சொல்வார்கள். நிறம் மங்கும்தான், கூடவே சிமெண்டும் அரிக்கும். பெர்கார்பனேட்டை விழுதாகக் குழைத்துத் தடவி, அரை மணி நேரம் ஈரமாக வைத்திருந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவதே சரி. பளிங்குக்கு எலுமிச்சையின் வாசனைகூடக் காட்டாதீர்கள். சாறு விழுந்த இடம் பாலிஷ் போய்ச் சொரசொரப்பாகும், அதைக் கறை என்று நினைத்து இன்னும் தேய்ப்பவர்கள் உண்டு.

மெழுகு பாலிஷ் போட்ட தரையில் கறை மெழுகுக்குள்தான் இருக்கும். சோப்புத் தண்ணீர் மெழுகை ஊடுருவாது. டர்பன்டைன் தொட்ட துணியால் அந்த இடத்து மெழுகை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் கறையும் சேர்ந்து வரும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்து, பிறகு புது மெழுகு போடலாம்.

இந்த ஊர்ப் பழைய வீடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. வாசல் ஸ்டூப்புக்குச் சிவப்புப் பாலிஷ் போடுவோம். விசேஷத்துக்கு வந்தவர் வெள்ளை வேட்டியோடு அதில் உட்கார்ந்து எழுந்தால், பின்பக்கச் சிவப்பைப் பார்த்துக் குங்குமம் என்று எலுமிச்சையையும் வெயிலையும் நாடுகிறார்கள். எலுமிச்சை பட்டும் மஞ்சளாகாமல், தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடினால் அது மெழுகு. அதற்கு டர்பன்டைன் ஒற்றி, பிறகு பாத்திரம் கழுவும் திரவம். குங்குமத்தின் மேல் பழி போட வேண்டாம்.